செவ்வாய்க்கிழமைப் பூட்டு

என் அத்தை ஒரு சலவைக்கடையின் முதலாளி. அந்தச் சொல் அவளுக்கு இன்னும் பழகவில்லை. வாசலில் நின்று யாராவது "முதலாளி யாருங்க?" என்று கேட்டால் அவள் முதலில் திரும்பிப் பின்னால் பார்ப்பாள். பின்னால் சுவரில் மாமாவின் படம் தொங்கும். அதற்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், கடையின் பதிவுச் சான்றிதழ். இரண்டையும் தினமும் ஒரே துணியால் துடைப்பாள். முதலில் சான்றிதழ், அப்புறம்தான் மாமா.

"அவரு கோவிச்சுக்க மாட்டாரு. இதுல தூசி படிஞ்சா ஆபீஸ்காரங்க கோவிச்சுக்குவாங்க" என்பாள்.

அத்தையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவளுடைய பயத்தைப் பற்றித்தான் எழுத வருகிறது. இருட்டுக்கோ பாம்புக்கோ பயப்படுகிறவள் இல்லை அவள். ஒருமுறை துணி மூட்டைக்குள்ளிருந்து வந்த பாம்பைக் கையில் கிடைத்த கட்டையால் அடித்துவிட்டு, அதே மூட்டையைப் பிரித்து எண்ண ஆரம்பித்தவள். ஆனால் கையில் ஃபைலோடு யாராவது தெருவுக்குள் நுழைந்தால் அவளுடைய உதடு காய்ந்துவிடும். ஃபைல் வைத்திருப்பவர் துணி வெளுக்கப் போட வந்த ஆசிரியராக இருந்தாலும் சரிதான்.

மாமா இருந்தவரை சான்றிதழ் அவர் பெயரில் இருந்தது. அவர் போன பிறகு கடை அத்தையின் பொறுப்புக்கு வந்தது. முதலாளி மாறினால் தொழிலாளர் அலுவலகத்துக்குத் தெரிவித்துப் புதிய முதலாளியின் பெயரில் பதிவு செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. விண்ணப்பத்தை மேசைமேல் விரித்து வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"முதலாளி பேரு?"

மாமாவின் பெயரைச் சொன்னாள்.

"இல்ல அத்தை, இப்ப இருக்கிற முதலாளி."

மறுபடியும் மாமாவின் பெயரையே சொன்னாள். நான் அவள் பெயரை எழுதினேன். எழுதி முடிக்கும் வரை அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வியாபாரத்தின் தன்மை?"

"சுமாராப் போகுதுன்னு போடு. நல்லாப் போகுதுன்னு போட்டா வரி கேப்பாங்க."

"வேலையாளுங்க எத்தனை பேரு?"

"மடிப்பு, சலவை அக்கா, அப்புறம் நானு."

"நீங்க வேலையாள் கிடையாது அத்தை."

"பின்ன? நான் என்ன காலாட்டிக்கிட்டா உக்காந்திருக்கேன்?"

மடிப்பு என்பது கடையில் பெட்டி தேய்ப்பவரின் பட்டப்பெயர். அவர் தேய்த்த கால்சட்டையின் மடிப்பில் விரலை வைத்தால் வெட்டிவிடும் என்று மாமா சொல்வாராம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மாமாவை அண்ணே என்று கூப்பிட்டவர் என்பதால் அத்தை அவருக்கு அண்ணி. எனக்கு அவர் மடிப்பு மாமா. அத்தைக்கு நேர்மாறான ஆள். எதற்கும் பயப்பட மாட்டார், எதையும் யோசிக்கவும் மாட்டார். சலவை அக்கா துவைக்கிற வேலையைப் பார்ப்பவள். வாய் கொஞ்சம் நீளம்.

கடையை எப்போது திறக்கலாம், எப்போது மூட வேண்டும் என்று அரசாங்கம் நேரம் வைத்திருக்கிறது. மூடும் நேரத்துக்கு முன்பே வந்து காத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் அதற்கு மேலும் கால் மணி நேரம் கொடுக்கலாம். புதிதாக யாரையும் உள்ளே விடக்கூடாது. இதை அத்தையிடம் சொல்லியிருக்கவே கூடாது. அன்றிலிருந்து மூடும் நேரம் நெருங்கும்போதே ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிடுவாள். உள்ளே நிற்பவர்கள் துணியை வாங்கிக்கொண்டு குனிந்துதான் வெளியேற வேண்டும். "ஏம்மா, துணிக்குப் பதிலா என்னையே மடிச்சு அனுப்புறியே" என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார்.

இப்படிப் பாதி ஷட்டர் இறக்கியிருந்த ஒரு மாலையில்தான் பழைய இன்ஸ்பெக்டர் வந்தார். ஓய்வு பெறும் வயது, சாவகாசமான மனிதர். உள்ளே எட்டிப் பார்த்தார். யாரும் தப்பு செய்யவில்லை. இருந்தாலும் போகிற போக்கில் சொன்னார்.

"இப்படிப் பாதி ஷட்டரை இறக்கி வச்சு உள்ள வியாபாரம் பண்ணினா, அது மூடின கடையில்லம்மா. திறந்த கடைதான். வெளியில பூட்டு தொங்கணும். அப்பதான் மூடிட்டீங்கன்னு நாங்க நம்புவோம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் கடைசிப் பாதியை மட்டும் எடுத்து மனதுக்குள் ஆணி அடித்து மாட்டிக்கொண்டாள். வெளியில் பூட்டு தொங்க வேண்டும்.

வாரத்தில் ஒரு நாள் கடையை முழுக்க மூட வேண்டும் என்பது இன்னொரு விதி. எந்த நாள் என்பதை வருடத் தொடக்கத்தில் முதலாளியே முடிவு செய்து, கண்ணில் படும்படி பலகை எழுதி மாட்ட வேண்டும். நினைத்தபோது மாற்ற முடியாது. ஒருமுறை மாற்றினால் மூன்று மாதத்துக்குத் திரும்ப மாற்றக்கூடாது. எங்கள் கடைக்கு முதலில் வெள்ளிக்கிழமை விடுமுறை. மருத்துவமனைக்குப் பக்கத்திலுள்ள விடுதியின் படுக்கை விரிப்புகள் எங்களிடம் வர ஆரம்பித்தபோது, அவர்களுக்கு வெள்ளிக்கிழமை துணி வேண்டும் என்பதற்காக அத்தை நாளைச் செவ்வாய்க்கு மாற்றினாள். நான்தான் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். பலகையும் மாறியது. மாற்றிய பிறகு, விடுதிக்காரர்கள் புதன்கிழமை காலையிலும் துணி கேட்டார்கள். செவ்வாயன்று தேய்த்தால்தான் அது முடியும்.

"திரும்ப மாத்த முடியாதா?" என்றாள் அத்தை.

"இப்ப முடியாது அத்தை. மூணு மாசம் ஆகணும்."

அப்போதுதான் மடிப்பு மாமா சொன்னார். "ஷட்டரை இறக்கிட்டு நான் உள்ள தேய்க்கிறேன் அண்ணி. ஒரு வாரம் ரெண்டு வாரம்தானே. அதுக்குப் பதிலா எனக்கு வேற ஒரு நாள் லீவு குடுத்துடுங்க."

சலவை அக்காவிடம் கேட்டபோது அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "என் செவ்வாய்க்கிழமை எனக்கு. விடுதி மேனேஜரையே வந்து துவைக்கச் சொல்லு."

நான் அத்தையிடம் மெதுவாகச் சொன்னேன். மூடிய நாளில் உள்ளே வேலை நடந்தாலும் தப்புதான், மடிப்பு மாமாவே விரும்பி வந்தாலும் தப்புதான், அந்த நாளுக்குச் சம்பளத்தோடு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதுதான் சட்டம் என்றேன். இவை எனக்கு நன்றாகவே தெரியும். அரசுத் தேர்வுக்காகப் படித்துக்கொண்டிருந்தேன். தொழிலாளர் துறை வேலைகளும் அந்தத் தேர்வில் அடக்கம். தினமும் காலையில் அதே சட்டத்தைச் சத்தம்போட்டுப் படித்துவிட்டு, மதியம் அத்தைக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். படிப்பும் சாப்பாட்டுத் தூக்கும் ஒரே கையில் இருந்தன. எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். 

"தெரியும் கண்ணு, தெரியும்" என்றாள் அத்தை. "அந்த விடுதி போச்சுன்னா ரெண்டு பேருக்கும் வேலை குடுக்க என்கிட்ட என்ன இருக்கு? வெளியில பூட்டிடுறேன். பூட்டினா மூடின கடைதானே. அந்த இன்ஸ்பெக்டரே சொன்னாரு."

அப்படித்தான் செவ்வாய்க்கிழமைப் பூட்டு தொடங்கியது. காலையில் தெரு விழிக்கும் முன் மடிப்பு மாமா உள்ளே போவார். அத்தை ஷட்டரை இறக்கி, அடியில் இரண்டு பக்கமும் பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த சந்திலுள்ள வீட்டுக்கு வந்துவிடுவாள். பின்பக்கக் கதவு என்று ஒன்று இருந்தது. துவைக்கும் இயந்திரம் வந்தபோது அதை வைக்க வேறு இடமில்லாமல் கதவை மறித்து வைத்துவிட்டோம். அதற்கு மேலே ஒரு சின்ன காற்றாடி, உள்ளே இருக்கும் சூட்டையும் ஆவியையும் வெளியே தள்ள.

அத்தைக்கு அதுவும் போதவில்லை. பயம் புதுப்புது விதிகளைப் போட்டது. ஃபோன் மணி அடித்தால் வெளியே கேட்கும், அதனால் சத்தத்தை நிறுத்தி வைக்க வேண்டும். மடிப்பு மாமா வேலை செய்யும்போது பாடுவார், அதுவும் கூடாது. யாராவது ஷட்டரைத் தட்டினால் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். தட்டுவது அவளாகவே இருந்தாலும் குரல் கொடுக்கக் கூடாது.

"நீங்களே தட்டினாலுமா?"

"நான் எதுக்குத் தட்டப் போறேன்? எங்கிட்டதான் சாவி இருக்கே. தட்டுறது யாரா இருந்தாலும் அது ஆபீஸ்தான்னு நினைச்சுக்க தம்பி."

"சரி அண்ணி. செத்த மாதிரி கிடக்கிறேன்" என்று சிரித்தார்.

அந்த வார்த்தையை அத்தை பிறகு பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமைகளில் அவள் வீட்டில் எதுவும் சாப்பிட மாட்டாள். தண்ணீர் குடிப்பாள், சாவியைத் தொட்டுப் பார்ப்பாள், சன்னலுக்குப் போவாள். ஒரு மனிதரை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அப்போது அவள் பயந்தது அதற்கு அல்ல, யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதற்குத்தான். தப்பான திசையில் பயந்துகொண்டிருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம், மடிப்பு மாமாவுக்கான சாப்பாட்டுத் தூக்கில் நான் சோற்றை வைத்துக்கொண்டிருக்கும்போது மின்விசிறி நின்றது. அத்தை தலையைத் தூக்கி விசிறியைப் பார்த்தாள்.

"அங்கயும் போயிருக்குமா?"

"ஒரே லைன்தானே அத்தை."

"பாவம், இருட்டுல இருக்கும் மனுசன்."

அவருடைய எண்ணை அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சத்தம் நிறுத்தி வைத்த ஃபோன். இருட்டில், துணிக் குவியலுக்கு நடுவே எங்கே கிடக்கிறதோ. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மணி நேரம் காத்திருந்தும் மின்சாரம் வரவில்லை, அவரும் ஃபோனை எடுக்கவில்லை. அத்தை சாவியைத் தொட்டுப் பார்த்தாள்.

"வா, போயி சாப்பாட்டைக் குடுத்துட்டு அவரை வீட்டுக்கு அனுப்பிடலாம். மிச்சத்தைக் காலையில பாத்துக்கலாம்."

சந்திலிருந்து தெருவுக்குள் திரும்பியதும் அவள் என் கையைப் பிடித்தாள். பிடியில் நகம் இறங்கியது.

எங்கள் கடைக்கு எதிரே, மூக்குக்கண்ணாடிக் கடையின் வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவராக இருக்கலாம். தோளில் துணிப்பை, கையில் ஃபைல். பக்கத்தில் ஓர் அலுவலக உதவியாளர். பழைய இன்ஸ்பெக்டருக்குப் பதிலாகப் புதியவர் வந்திருக்கிறார் என்று தெருவில் பேச்சு இருந்தது. அந்தக் கடைக்கும் செவ்வாய்தான் விடுமுறை. கண்ணாடிக்கடைக்காரர் பாதி திறந்த ஷட்டருக்கு முன்னால் நின்று வாதாடிக்கொண்டிருந்தார்.

"சும்மா கூட்டிப் பெருக்கத்தான் திறந்தேன் மேடம்."

"பெருக்குறதுக்கு எதுக்குங்க வாடிக்கையாளர்? அந்தம்மா புதுக் கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்களே."

"அவங்க என் சொந்தக்காரங்க."

உள்ளேயிருந்த அம்மாள், "நான் யாருக்கும் சொந்தம் இல்லப்பா. எனக்கு எழுத்து தெரியுதான்னு மட்டும் பாரு" என்றார்.

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அத்தை தலையைக் குனிந்துகொண்டு கடையைத் தாண்டி நேரே நடக்கப் பார்த்தாள். அதற்குள் கண்ணாடிக்கடைக்காரர், தன்மேல் விழுந்த பார்வையைத் திருப்பிவிட, "இதோ இவங்கதான் சலவைக்கடை" என்று கை நீட்டிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் தெருவைக் கடந்து வந்தார். எங்கள் ஷட்டரைப் பார்த்தார். பூட்டுகளைப் பார்த்தார். மேலே தொங்கும் பலகையை வாசித்தார். ஃபைலில் ஏதோ சரிபார்த்தார்.

"நாள் மாத்தினதைத் தெரிவிச்சிருக்கீங்க. போர்டும் மாத்தியிருக்கீங்க. பூட்டும் போட்டிருக்கீங்க." முதல்முறையாகச் சிரித்தார். "இந்தத் தெருவுல ஒழுங்கா மூடியிருக்கிற கடை உங்களோடதுதாம்மா. சும்மா இந்தப் பக்கம் வந்தீங்களா?"

அத்தை தலையை ஆட்டினாள். என் கையில் சாப்பாட்டுத் தூக்கு கனத்தது. யாருக்கு என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். அவர் கேட்கவில்லை. திரும்பி மறுபடியும் கண்ணாடிக்கடைக்குப் போனார்.

"நடந்துக்கிட்டே இரு" என்றாள் அத்தை, உதடு அசையாமல். "அவங்க போற வரைக்கும் ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்."

நான் நடக்கவில்லை. ஷட்டரின் அடியிலிருந்து ஒரு வாடை வந்தது. எரிகிற கரியின் வாடை.

மின்சாரம் போகும் நாட்களுக்காகக் கடையில் ஒரு கரிப்பெட்டி உண்டு. பழைய, கனமான இஸ்திரிப் பெட்டி. அதற்குள் கரியைப் போட்டு, வாசல்படியில் வைத்துத்தான் மூட்டுவார் மடிப்பு மாமா. கரி கனன்று, புகை அடங்கிய பிறகும் ஷட்டருக்கு ஓரமாக நின்றுதான் தேய்ப்பார். அன்று வாசல்படி அவருக்கு இல்லை. பின்னால் காற்றாடியும் நின்றுபோயிருக்கும்.

"அத்தை, உள்ள கரி மூட்டியிருக்காரு."

"வாடைதானே, அவங்களுக்குத் தெரியாது. வா."

"மூடின அறைக்குள்ள அது விஷம் அத்தை. மயக்கம் வர்றதே தெரியாது. அப்படியே தூங்கற மாதிரி இருக்கும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஷட்டரை. பிறகு எதிர்ப்பக்கம், ஃபைலை முழங்காலில் வைத்து எழுதிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரை. நான் ஷட்டருக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னால் கைவிட்டு மெல்லத் தட்டினேன். பதில் இல்லை. கொஞ்சம் பலமாகத் தட்டினேன். எதுவும் அசையவில்லை.

அப்போதுதான் எங்களுக்கு உண்மையில் புரிந்தது. தட்டினால் அசையக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தவர்கள் நாங்கள்தான். உள்ளே அவர் நன்றாக, இருட்டில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, எங்களுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். அல்லது மூச்சே இல்லாமல் கிடக்கலாம். இரண்டும் வெளியில் ஒரே மாதிரி கேட்டன. ஃபோனை எடுக்காததற்கும் இரண்டு காரணங்கள். பேசாததற்கும் இரண்டு காரணங்கள். திறந்து பார்க்காமல் எது என்று தெரிந்துகொள்ள எந்த வழியையும் நாங்கள் மிச்சம் வைக்கவில்லை.

"போயிடுவாங்க" என்றாள் அத்தை. "இப்பப் போயிடுவாங்க. எழுதி முடிச்சிட்டாங்க பாரு."

இன்ஸ்பெக்டர் ஃபைலை மூடினார். கண்ணாடிக்கடைக்காரர் மறுபடியும் ஏதோ ஆரம்பித்தார். அவர் மறுபடியும் ஃபைலைத் திறந்தார்.

நான் சாவியைக் கேட்கக் கையை நீட்டினேன். சட்டமெல்லாம் படித்த நான், அந்தச் சாவியை அவள் இடுப்பிலிருந்து பிடுங்கியிருக்கலாம். நீட்டிய கை அப்படியே நின்றது. கடை அவளுடையது, சான்றிதழில் இருப்பது அவள் பெயர். திறந்தால் எல்லாம் அவள் தலையில்தான் விழும் என்பது எனக்குத் தெரியும்.

அத்தை என் கையைத் தள்ளிவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். முதல் பூட்டில் சாவி நுழையவில்லை. சாவியை இரண்டு கையாலும் பிடித்துக் குத்தினாள். பூட்டு திறந்தது. இரண்டாவது சாவியை என்னிடம் எறிந்தாள். எதிரே பேச்சு நின்றுவிட்டது என்று காதுக்குத் தெரிந்தது. யாரோ தெருவைக் கடந்து வரும் செருப்புச் சத்தம். நான் இரண்டாவது பூட்டைக் கழற்றினேன். இருவருமாக ஷட்டரைத் தூக்கினோம். அது முழுத் தெருவுக்கும் கேட்கும்படி அலறிக்கொண்டு மேலே போனது.

சூடான, கனமான காற்று முகத்தில் மோதியது. மடித்த விரிப்புகள் மேசைமேல் வரிசையாக, ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தன. கரிப்பெட்டி அதன் தாங்கியில் நேராக நின்றது. கீழே, தேய்க்காத விரிப்புகளின் குவியல்மேல் மடிப்பு மாமா ஒருக்களித்துக் கிடந்தார், குழந்தை தூங்குவதுபோல் ஒரு கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு.

"தம்பி" என்றாள் அத்தை. "எழுந்திரு தம்பி. நான்தான். பேசலாம், பேசு."

அவர் பேசவில்லை.

"உள்ள நிக்காதீங்க, அவரை வெளியில இழுங்க" என்ற குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. இன்ஸ்பெக்டர் பையைத் தூக்கி எறிந்துவிட்டு அவருடைய தோளைப் பிடித்தார். உதவியாளர் காலைப் பிடித்தார். விரிப்போடு சேர்த்து இழுத்து வாசல்படிக்கு வெளியே கிடத்தினோம். நான் அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். கண்ணாடிக்கடைக்காரர் ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்து, தெருவின் பெயரைத் தப்பாகச் சொல்லி, திருத்திச் சொன்னார். இன்ஸ்பெக்டர் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தார்.

"மூச்சு இருக்கு" என்றார்.

அத்தை அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. மடிப்பு மாமாவின் காலடியில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மடிப்பு மாமா ஒருமுறை வாந்தி எடுத்தார். கண்ணைத் திறந்து சுற்றிலும் நின்ற கால்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார்.

மருத்துவமனையில் முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே கிடந்திருந்தால் எங்கள் கையில் எதுவும் இருந்திருக்காது என்றார் மருத்துவர். மடிப்பு மாமாவின் மனைவி வந்து சேர்ந்தபோது அத்தை எழுந்து நின்றாள், அடி வாங்கத் தயாராக நிற்பவளைப்போல. அந்தப் பெண் அத்தையின் இடுப்பில் தொங்கிய சாவியை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். அத்தை சாவியை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் எடுக்க வந்தார். மடிப்பு மாமாவுக்குப் பேச்சு வந்திருந்தது. தலைவலியில் முகம் சுருங்கியிருந்தாலும் வழக்கமான துணிச்சலும் கூடவே வந்திருந்தது.

"அண்ணிக்கு ஒண்ணும் தெரியாது மேடம். நானாத்தான் போனேன். வேலை மிச்சம் இருந்துச்சு. என்கிட்ட ஒரு சாவி இருக்கு. நானே திறந்து உள்ள போயி வேலை பாத்தேன்."

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தினார். "சரிங்க. உள்ள போன நீங்க, வெளியில ரெண்டு பூட்டையும் எப்படிப் பூட்டினீங்க?"

மடிப்பு மாமா மேற்கூரையைப் பார்த்தார். விடை அங்கே எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடுவதுபோல் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் இருமுவதுபோல் சிரித்தார்.

"நான்தான் பூட்டினேன்" என்றாள் அத்தை.

அவள் குரலை அந்த அறையில் அப்போதுதான் முதலில் கேட்டேன். இன்ஸ்பெக்டரை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னிக்கு மட்டும் இல்ல. முன்னாடியும் பூட்டியிருக்கேன். யாரு தட்டினாலும் பேசாதேன்னு சொன்னதும் நான்தான். வெளியில பூட்டு தொங்கினா மூடின கடைன்னு நினைச்சேன். எழுதிக்கங்க."

"மூடுறதுன்னா கதவை மட்டும் இல்லம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். கோபமாகச் சொல்லவில்லை. "வேலையையும் மூடணும். அந்த நாள் உங்களோடது இல்ல, அவரோடது. அவரே விட்டுக் குடுத்தாலும் நீங்க வாங்கிக்கக் கூடாது. அதுக்குத்தான் சட்டம்."

பிறகு நடக்கப்போவதைச் சொன்னார். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். குறித்த நாளுக்குள் பதில் தர வேண்டும். அபராதம் இருக்கும். ஆளை உள்ளே வைத்துப் பூட்டியது தனி விஷயம், அதைப் போலீஸும் விசாரிக்கும். அதற்குத் தான் பொறுப்பு இல்லை என்றார். அத்தை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். போகும்போது இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார். தேர்வுக்குப் படிக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "அத்தைக்குக் கூடமாட உதவியா இருக்கேன்" என்றேன். அதுவும் முழு உண்மையா என்று தெரியவில்லை.

நோட்டீஸ் வந்தது. பதில் எழுத நான் உட்கார்ந்தேன். தெரியாமல் நடந்துவிட்டது, இனி நடக்காது என்று வழக்கமாக எழுதும் வரிகளை வாசித்துக் காட்டினேன்.

"தெரியாமன்னு எழுதாத" என்றாள் அத்தை. "நீ அன்னிக்கே சொன்னியே. பூட்டினது நான்னு எழுது."

அப்படியே எழுதினேன். அபராதம் கட்டினாள். போலீஸ் நிலையத்துக்குப் பலமுறை போய் வந்தாள். ஒவ்வொரு முறையும் உதடு காய்ந்துதான் போனாள், காய்ந்துதான் வந்தாள். விடுதிக்காரர்களிடம், புதன்கிழமை மதியத்துக்கு மேல்தான் துணி கிடைக்கும், வேண்டாமென்றால் வேறு கடை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அவர்கள் வேறு கடை பார்க்கவில்லை. மதியத்துக்கு மேலேயே வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள். துவைக்கும் இயந்திரத்தை நகர்த்திப் பின்கதவுக்கு வழி விட்டோம். அதனால் இஸ்திரி மேசை சுருங்கிப்போனது. மடிப்பு மாமா அதற்காக இன்றுவரை முணுமுணுக்கிறார்.

அவர் திரும்ப வேலைக்கு வந்ததே பெரிய விஷயம். செவ்வாய்க்கிழமைகளில் இப்போது அவர் வீட்டில் தூங்குகிறாராம். "செத்த மாதிரி தூங்குறாரு" என்று அவர் மனைவி ஒருமுறை சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம், மூடும் நேரம் வந்ததும் கடைசி வாடிக்கையாளர் குனிந்து வெளியேறுவார். சலவை அக்கா போவாள், மடிப்பு மாமா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் வந்து நிற்பார். அத்தை மட்டும் திரும்ப உள்ளே போவாள். மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பாள். மூட்டைகளைக் கையால் அழுத்திப் பார்ப்பாள். பின்கதவுத் தாழ்ப்பாளை உள்ளேயிருந்து ஒருமுறை திறந்து மூடுவாள். பிறகு வெளியே வந்து, ஷட்டரை இறக்கும் முன் காலியான கடையைப் பார்த்துக் கூப்பிடுவாள்.

"யாராவது இருக்கீங்களா?"

போன வாரம் நானும் கூட இருந்தேன். மடிப்பு மாமா அவளுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு சொன்னார். "இங்கதான் நிக்கிறேன் அண்ணி. நல்லா பாத்துக்குங்க, முழுசா வெளியிலதான் இருக்கேன்."

நான் சிரித்துவிட்டேன். அத்தை சிரிக்கவில்லை. அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். மறுபடியும் உள்ளே திரும்பி, முன்பைவிடக் கொஞ்சம் சத்தமாக, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

உள்ளிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. வெறும் மௌனம் அவளுக்கு இப்போது போதாது. ஷட்டரை இறக்கிய பிறகும் தகரத்தில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். அப்புறம்தான் குனிந்து பூட்டினாள்.